டெம்பர் கிளாஸ் ஒட்டிய பிறகு விரல் ரேகை எடுக்கவில்லையா? காரைக்குடிக் கடையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதுப் போனுக்கு டெம்பர் ஒட்டினேன். அன்றையிலிருந்து திரையில் விரல் வைத்தால் திறக்கவே மாட்டேங்குது. கிளாஸ் ரொம்பத் தடிமனா?

பெரும்பாலும் தடிமன் காரணமில்லை. கிளாஸுக்கும் திரைக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட காற்றுதான் காரணம்.

கடையில் கிடைக்கும் சாதாரண டெம்பர் ஏறக்குறைய 0.33 மி.மீ. தடிமன் இருக்கும். அது ஒன்றும் பெரிய தடை இல்லை. ஆனால் மலிவான கிளாஸ்களில் பலவற்றில் சுற்றி நாலு ஓரத்திலும் மட்டும்தான் பசை இருக்கும். நடுவில் பசையே கிடையாது, கிளாஸ் சும்மா மேலே நிற்கும். ஓரம் வளைந்த போன்களுக்கு இப்படித்தான் நிறைய வருகிறது. பார்க்கும்போது ஒட்டியது மாதிரியே தெரியும். திரையை அணைத்துவிட்டு டியூப்லைட் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். நடுவில் வானவில் நிறத்தில் வளையங்களோ, மெல்லிய புள்ளிகளோ தெரிந்தால் அங்கே காற்று இருக்கிறது என்று அர்த்தம். நடுவில் விரலால் அழுத்தும்போது அந்த வளையங்கள் நகர்ந்தால் சந்தேகமே வேண்டாம்.

அந்தக் காற்று எவ்வளவு தொந்தரவு தரும் என்பது உங்கள் போனில் எந்த வகை ரேகை சென்சார் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. அதனால் கிளாஸ் வாங்கும் முன்பே அதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

என் போனில் எந்த சென்சார் இருக்குன்னு நானே எப்படிக் கண்டுபிடிக்கிறது?

பவர் பட்டனிலேயே விரல் வைத்துத் திறக்கிற போன் என்றால் கவலையை விடுங்கள். அந்த சென்சார் பக்கவாட்டில் இருக்கிறது, திரைமேல் எந்தக் கிளாஸ் ஒட்டினாலும் அதற்குச் சம்பந்தமில்லை.

திரைக்குள்ளேயே ரேகை எடுக்கும் போன் என்றால், ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு விரலை வைத்துப் பாருங்கள். விரலுக்கு அடியில் வட்டமாகப் பளிச்சென்று வெளிச்சம் அடித்தால் அது ஆப்டிகல் சென்சார். திரையின் வெளிச்சம் விரலில் பட்டுத் திரும்ப, திரைக்குக் கீழே இருக்கும் சின்ன கேமரா அதைப் படம் பிடிக்கிறது. 2018 ஜனவரியில் வந்த விவோ எக்ஸ்20 பிளஸ் யூடி என்ற போனிலிருந்து இது சந்தையில் இருக்கிறது. இன்றைக்கு நடுத்தர விலைப் போன்களில் திரைக்குள் சென்சார் என்றால் பெரும்பாலும் இதுதான்.

வெளிச்சமே இல்லாமல் திறந்தால் அது அல்ட்ராசோனிக். காதுக்குக் கேட்காத ஒலி அலையைத் திரை வழியாக விரலுக்கு அனுப்பி, திரும்பி வருவதை வைத்து ரேகையை வரைகிறது. 2019-ல் சாம்சங் கேலக்ஸி எஸ்10 இதோடு வந்தது. அதன் பிறகு விலை கூடிய போன்களில் இது பரவியிருக்கிறது.

ரெண்டுக்கும் ஒரே கிளாஸ் ஒட்டினா என்ன?

இங்கேதான் விஷயமே இருக்கிறது, கொஞ்சம் பொறுமையாகச் சொல்கிறேன்.

ரேகை என்பது மேடும் பள்ளமும்தான். அல்ட்ராசோனிக் சென்சார் அனுப்பும் ஒலி, கண்ணாடியைத் தொட்டுக்கொண்டிருக்கும் மேட்டின் வழியாகத் தோலுக்குள் இறங்கிவிடும். பள்ளத்தில் விரலுக்கும் கண்ணாடிக்கும் நடுவே துளிக் காற்று இருக்கிறது. அந்தக் காற்றில் பட்ட ஒலி ஏறக்குறைய முழுவதும் திரும்பிவிடும். திரும்பியது எங்கே, திரும்பாதது எங்கே என்று பார்த்துத்தான் சென்சார் ரேகையைப் புரிந்துகொள்கிறது. அதாவது காற்றில் ஒலி திரும்பும் என்பதுதான் இந்த சென்சார் வேலை செய்வதற்கே அடிப்படை.

இப்போது நடுவில் பசை இல்லாத கிளாஸை ஒட்டினால், விரலைத் தொடும் முன்பே ஒரு காற்றுப் படலம் வந்துவிடுகிறது. ஒலி மொத்தமும் அங்கேயே திரும்பிவிடும். சென்சாருக்கு எல்லா இடமும் பள்ளமாகத் தெரியும். மேலே விரல் இருக்கிறதா இல்லையா என்பதுகூட அதற்குத் தெரியாது. எவ்வளவு அழுத்தி வைத்தாலும், எத்தனை முறை வைத்தாலும் பலன் இருக்காது. ரேகையைப் புதிதாகப் பதியவும் முடியாது.

ஆப்டிகல் இவ்வளவு கண்டிப்பு இல்லை. வெளிச்சம் காற்றைத் தாண்டிப் போகும். போகும்போது ஒவ்வொரு பரப்பிலும் கொஞ்சம் பிரதிபலித்துச் சிதறும், படம் மங்கும், அவ்வளவுதான். அதனால் ஓரப் பசைக் கிளாஸிலும் ஆப்டிகல் ஓரளவு ஓடும். வெயிலில் நின்று திறக்கும்போதும், விரல் காய்ந்திருக்கும்போதும்தான் தடுமாறும். ஆனால் ஆப்டிகலுக்கென்று வேறு எதிரிகள் உண்டு. பக்கத்தில் இருப்பவர் திரையைப் பார்க்க முடியாதபடி கறுப்பாக்கும் பிரைவசி கிளாஸ் வெளிச்சத்தின் போக்கையே கட்டுப்படுத்துகிறது. சொரசொரப்பான மேட் கிளாஸ் வெளிச்சத்தைச் சிதறடிக்கிறது. பிரைவசி கிளாஸில் ஆப்டிகல் சரியாக ஓடும் என்று நான் யாருக்கும் உறுதி சொல்வதில்லை.

சரி, எதைத்தான் வாங்குவது? அல்ட்ராசோனிக் என்றால், முழுப் பரப்பிலும் பசை உள்ள மெல்லிய கிளாஸ், அல்லது முழுதாக ஒட்டிக்கொள்ளும் டிபியு என்ற மென்மையான பிளாஸ்டிக் பிலிம். ஆப்டிகல் என்றால், தெளிவான, முழுப் பசையுள்ள எந்த நல்ல கிளாஸும் போதும்.

பாக்கெட்டில் 9எச், 11டி என்றெல்லாம் போட்டிருக்கே. எண் கூடுதலா இருந்தா நல்லதா?

11டி, 21டி என்பதெல்லாம் எந்த அளவுகோலிலும் இல்லாத விற்பனைப் பெயர்கள். பசை ஓரத்திலா முழுதிலுமா என்று அவை சொல்வதில்லை.

9எச் என்பது பென்சில் வைத்துச் சோதிக்கும் கடினத்தன்மை. இருப்பதிலேயே கடினமான பென்சிலால் கீறினாலும் கோடு விழாது என்று பொருள். வைரத்துக்கு அடுத்த நிலை என்று சிலர் சொல்வது தவறு. கனிமங்களை அளக்கும் மோஸ் அளவில் வைரம் 10, குவார்ட்ஸ் மணல் 7, கண்ணாடி சுமார் 5.5 முதல் 6 வரை. நம் ஊர்ச் செம்மண் புழுதியில் மணல் கலந்துதான் இருக்கிறது. சட்டைப் பாக்கெட்டில் புழுதியோடு கிடந்தால் 9எச் கிளாஸிலும் கீறல் விழும். அந்த எண்ணை நம்பிக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள்.

அம்மாவுக்கு அண்ணன் சிங்கப்பூரிலிருந்து போன் வாங்கிட்டு வந்தான். இங்கே கிளாஸ் ஒட்டினதும் ரேகை போச்சு. போனே டூப்ளிகேட்டுன்னு ஒருத்தர் சொல்றார்.

இதே மாதிரி ஒன்றைப் படிப்படியாகச் சொல்கிறேன், உங்களுக்கும் அது பொருந்தும்.

பள்ளத்தூரிலிருந்து ஓர் ஆச்சி வந்திருந்தார். வெளிநாட்டில் இருக்கும் மகன் கொண்டுவந்த விலை கூடிய போன். வேறொரு கடையில் ஓரம் வளைந்த கிளாஸ் ஒட்டியிருக்கிறார்கள். அதிலிருந்து ரேகை எடுக்கவில்லை, சென்சார் போய்விட்டது, டிஸ்பிளேயே மாற்ற வேண்டும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். "தம்பி, மகன் ஆசையா வாங்கிக் கொடுத்தது, அதுக்குள்ள உடைச்சுட்டேனோ" என்று அவருக்கு ஒரே வருத்தம்.

முதலில் போனை அணைத்துச் சாய்த்துப் பார்த்தேன். நடு முழுவதும் புள்ளி புள்ளியாகக் காற்று. விளக்கை மறைத்து விரல் வைக்கச் சொன்னேன். வெளிச்சம் வரவில்லை, ஆக அல்ட்ராசோனிக். கிளாஸைக் கழற்றுவதற்கு முன் Settings-க்குள் போய்ப் புது ரேகை பதிய முயன்றால், விரலை வைத்ததையே அது உணரவில்லை. ஆப்டிகலாக இருந்திருந்தால் ஏதாவது பாதி வரை பதிந்திருக்கும்.

அடுத்து ஓரங்களை ஹேர் டிரையரில் மிதமாகச் சூடாக்கி, ஒரு முனையில் பிளாஸ்டிக் தகட்டை நுழைத்துக் கிளாஸைக் கழற்றினேன். உலோகக் கத்தி கூடாது, திரையின் ஓரம்தான் கண்ணாடியின் பலவீனமான இடம். திரையைத் துடைத்துவிட்டு, எதுவும் ஒட்டாமல் "ஆச்சி, இப்ப வைங்க" என்றேன். முன்பு பதிந்திருந்த அதே ரேகையில் உடனே திறந்தது. சென்சார் நன்றாகத்தான் இருக்கிறது என்பதற்கு இதைவிட வேறு சோதனை வேண்டாம். டிஸ்பிளே மாற்றும் பேச்சு அத்தோடு முடிந்தது.

அதன் பிறகு பழைய ரேகைகளை அழித்தேன். டிபியு பிலிம் ஒட்டி, ரப்பர் தகட்டால் நடுவிலிருந்து ஓரத்துக்குக் காற்றைத் தள்ளினேன். சென்சார் இருக்கும் இடத்தில் ஒரு குமிழிகூட இல்லை என்று பார்த்துவிட்டு, பிலிம் மேலேயே ரேகையைப் புதிதாகப் பதிந்தேன். வலது கட்டைவிரலை இரண்டு தடவை, தனித்தனி ரேகையாக. போன் ஒழுங்காகத் திறந்தது.

அண்ணன் வாங்கிவந்த போன் டூப்ளிகேட்டா என்று யாரும் முடிவு கட்டும் முன் கிளாஸைக் கழற்றி ஒரு தடவை விரல் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஒவ்வொரு தடவை கிளாஸ் மாத்தும்போதும் ரேகையை மறுபடி பதியணுமா?

ஆமாம், பதிவதுதான் நல்லது. போன் உங்கள் விரலை அப்படியே நினைவு வைத்திருப்பதில்லை. அந்தக் கண்ணாடி வழியாகத் தெரிந்த விரலைத்தான் நினைவு வைத்திருக்கிறது. மேலே ஒரு படலம் கூடினால் படம் கொஞ்சம் மாறும், பழையதோடு ஒத்துப்போகாமல் தவறும்.

வரிசை முக்கியம். பழைய ரேகைகளை அழித்துவிட்டு, கிளாஸ் ஒட்டி, அதன் பிறகு பதியுங்கள். குமிழியோ ரேகை போன்ற கோடுகளோ உள்ள மோசமான கவர் மேல் மட்டும் ஒருபோதும் பதியாதீர்கள். 2019 அக்டோபரில் கேலக்ஸி எஸ்10 விஷயத்தில் இது பெரிய செய்தியானது. திரையை மூடும் சில சிலிக்கான் கவர்களின் உள்பக்கத்தில் இருந்த வடிவத்தையும் சென்சார் ரேகையாக எடுத்துக்கொண்டது. விளைவு, வேறொருவர் விரல் வைத்தாலும் போன் திறந்துகொண்டது. சாம்சங் கவரைக் கழற்றி ரேகையை அழித்துப் புதிதாகப் பதியச் சொன்னது, சாப்ட்வேரையும் திருத்தி அனுப்பியது. வங்கி ஆப்பும் யுபிஐயும் இந்த ரேகையில்தான் திறக்கின்றன. அதனால் கிளாஸ் மாற்றிய பிறகு வீட்டில் இன்னொருவர் விரலை வைத்துத் திறக்கவில்லை என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

ரேகை பரவாயில்லை. டச்தான் ரெண்டு தடவை தட்டினாதான் கேக்குது. கிளாஸை எடுத்துடலாமா?

எடுக்கும் முன் கொஞ்சம் பாருங்கள். திரைக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாத மின்கம்பி வலை இருக்கிறது. விரல் பக்கத்தில் வரும்போது அந்த வலையின் மின்தேக்கத்தில் ஏற்படும் சின்ன மாற்றத்தைத்தான் போன் தொடுகையாக எடுத்துக்கொள்கிறது. நடுவில் இருக்கும் பொருள் கண்ணாடியா காற்றா என்பது இதில் ரொம்ப முக்கியம். மின்புலத்தைத் தன் வழியே விடும் திறன் காற்றுக்கு 1 என்றால் கண்ணாடிக்குச் சுமார் 7. அதாவது 0.1 மி.மீ. காற்று மாட்டிக்கொண்டால், 0.7 மி.மீ. கண்ணாடியைக் கூடுதலாக வைத்த மாதிரி. இரண்டு டெம்பரை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டியதற்கு அது சமம். இங்கேயும் குற்றவாளி காற்றுதான்.

உங்கள் போனில் எந்த இடம் கேட்கவில்லை என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. ஆண்ட்ராய்டில் Settings-ல் About phone-க்குள் Build number என்பதை ஏழு தடவை தட்டுங்கள். சாம்சங்கில் அது Software information-க்குள் இருக்கும். பிறகு Developer options திறந்துகொள்ளும், அதில் Pointer location-ஐப் போடுங்கள். விரலால் திரையில் மூலைக்கு மூலை மெதுவாகக் கோடு இழுத்தால், விரல் போன தடம் வரைந்து காட்டும். கோடு ஒரே இடத்தில் அறுந்தால் அங்கே குமிழியோ தூசியோ இருக்கும். திரை முழுவதும் அங்கங்கே விட்டுவிட்டு வந்தால் கிளாஸ் முழுதுமே காற்றின்மேல் நிற்கிறது. கிளாஸைக் கழற்றிய பிறகும் அதே இடத்தில் அறுந்தால் திரையிலேயே கோளாறு. பார்த்து முடித்ததும் அதை அணைத்துவிடுங்கள்.

சாம்சங் என்றால் Settings, Display, Touch sensitivity என்பதைப் போட்டுப் பாருங்கள். கிளாஸ் ஒட்டிய போனுக்காகவே அது இருக்கிறது. பிக்சல் போன்களிலும் Screen protector mode உண்டு. சின்னக் குறைக்கு இது போதும், நடுவே காற்று நிற்கும் கிளாஸுக்குப் போதாது.

ஒட்டின புதுசுல வழவழன்னு இருந்துச்சு. இப்ப விரல் இழுத்தா ஒட்டுது, எண்ணெய்க் கறை போகவே மாட்டேங்குது. ஏன்?

எண்ணெய் விலக்கும் பூச்சு தேய்ந்துவிட்டது. ஓலியோபோபிக் கோட்டிங் என்பது இதுதான். புளோரின் சேர்ந்த ஒரு மெல்லிய படலம். மில்லிமீட்டரின் லட்சத்தில் ஒன்றிரண்டு பங்குதான் தடிமன். 2009-ல் ஐபோன் 3ஜிஎஸ் இதோடு வந்த பிறகு போன்களில் இது வழக்கமானது. நல்ல டெம்பரிலும் இது இருக்கும்.

இவ்வளவு மெல்லியது என்பதால் டச்சையோ ரேகை சென்சாரையோ அது நேரடியாகத் தடுப்பதில்லை. ஆனால் அது போனதும் வேறு விதமாகத் தெரியவரும். விரல் வழுக்காமல் திக்கித் திக்கி நகரும், ஸ்க்ரோல் செய்வது சிரமமாகும். வியர்வையும் எண்ணெயும் துளியாக நிற்காமல் படலமாகப் பரவும். அந்தப் படலம் ரேகையின் பள்ளங்களை நிரப்பிவிட்டால் சென்சாருக்கு மேடு எது பள்ளம் எது என்று தெரியாது. பலகாரம் சுட்ட கையோடு போனை எடுப்பவர்கள் இதை நன்றாகப் பார்த்திருப்பார்கள்.

பூச்சு இருக்கிறதா என்று பார்க்க ஒரு சொட்டுத் தண்ணீர் போதும். சேப்பங்கிழங்கு இலையில் நிற்பது மாதிரி உருண்டு நின்று, சாய்த்ததும் ஓடினால் பூச்சு இருக்கிறது. தட்டையாகப் பரவினால் போய்விட்டது. கட்டைவிரல் அடிக்கடி படும் கீழ்ப்பகுதியிலும், யாரும் தொடாத மேல் மூலையிலும் ஒவ்வொரு சொட்டு விட்டால் வித்தியாசம் கண்ணெதிரே தெரியும். புதுக் கிளாஸிலேயே சொட்டு பரவினால், அதில் பூச்சு ஒழுங்காகப் போடவில்லை. வாங்கும்போதே கடையில் இதைச் செய்து பாருங்கள், யாரும் மறுக்கக் கூடாது.

அப்ப எதை வச்சுத்தான் துடைக்கிறது? சானிடைசர் போடலாமா?

தினமும் துடைக்க லேசாக நனைத்துப் பிழிந்த மைக்ரோபைபர் துணி போதும். கறை பிடிவாதமாக இருந்தால் 70 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹாலைத் துணியில் நனைத்து மென்மையாக ஒரு தடவை துடைக்கலாம். ஆப்பிளே இதற்குச் சம்மதம் சொல்கிறது. ஆனால் பழக்கமாக்கித் தேய்த்துக்கொண்டே இருந்தால் பூச்சு சீக்கிரம் போகும். கை சானிடைசரில் ஒட்டும் பொருள்களும் இருக்கும், அது வேண்டாம்.

பற்பசை, விபூதி, பாத்திரம் தேய்க்கும் பவுடர் எல்லாம் சின்னச் சின்னத் துகள்கள். கீறலை மறைக்கப் பற்பசை போடச் சொல்லும் வீடியோவைப் பார்த்துவிட்டுப் பூச்சு மொத்தத்தையும் தேய்த்தெடுத்தவர்கள் நிறையப் பேர். கண்டாங்கிச் சேலைத் தலைப்பில் துடைப்பதைப் பற்றியும் கேட்கிறார்கள். பருத்தித் துணியால் கெடுதல் இல்லை, அதில் ஒட்டியிருக்கும் மணல்தான் கெடுதல். முதலில் திரையை ஊதிவிட்டு, அழுத்தாமல் துடையுங்கள்.

பூச்சைத் திரும்பப் போட பாட்டிலில் திரவம் விற்கிறார்கள். ஆலையில் வெற்றிடத்தில் படியவைப்பது போல் கையால் தடவுவது நிலைக்காது. டெம்பர் மேல் போன பூச்சுக்குச் சுலபமான வழி, டெம்பரையே மாற்றுவது. போனின் சொந்தத் திரைக்கு இதைச் செய்ய முடியாது என்பதால்தான், முதல் நாளே ஒரு கிளாஸ் ஒட்டிவிடச் சொல்கிறேன்.

ஆத்தங்குடியில் டைல்ஸ் போடுற வேலை. எந்தக் கிளாஸ் போட்டாலும் ரேகை எடுக்கல.

உங்களுக்குக் கிளாஸ் பிரச்சினை இல்லை, சிமெண்ட். காரம் தோலைக் காயவைக்கிறது, மணல் ரேகையின் மேட்டைத் தேய்க்கிறது. காய்ந்த விரல் கண்ணாடியில் முழுதாகப் படியாது, எந்த வகை சென்சாரும் திணறும். வேலை முடிந்து கையைக் கழுவி, தேங்காய் எண்ணெய் தடவித் துடைத்துவிட்டு, மறுநாள் காலையில் ரேகையைப் பதியுங்கள். வேலையில் குறைவாகத் தேயும் விரலாகப் பாருங்கள். இடது கை மோதிர விரல் பலருக்கு ஒத்துவருகிறது. அப்புறம் பின் நம்பரையும் மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். வேலை நாளில் அதுதான் வேகம்.

ஓரம் வளைஞ்ச போனுக்கு யு.வி. கிளாஸ்தான் சரின்னு சொல்றாங்க. போடலாமா?

ரேகைக்கும் டச்சுக்கும் அது நல்லதுதான். திரவப் பசையை ஊற்றிக் கிளாஸைப் படியவைத்து, யு.வி. விளக்கில் காயவைப்பதால் காற்றுக்கு இடமே இல்லை. அல்ட்ராசோனிக் சென்சார்கூட அதன் வழியாக நன்றாக ஓடும்.

ஆபத்து பசை வழிவதில் இருக்கிறது. காது ஸ்பீக்கர் வலை, பவர் பட்டன் இடுக்கு, மைக் துளை இவற்றுக்குள் இறங்கிக் காய்ந்தால் எடுக்க முடியாது. பேசுபவர் குரல் திடீரென்று அமுங்கிக் கேட்டால், அல்லது பட்டன் அழுத்தும்போது கெட்டியாக இருந்தால், அதுதான் நடந்திருக்கிறது. ஒட்டுபவர் எல்லாத் துளையையும் டேப்பால் மூடுகிறாரா, போனைச் சமமான பலகையில் வைக்கிறாரா என்று பாருங்கள். மூடாமல் பசையை ஊற்ற ஆரம்பித்தால் போனைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். டிபியு பிலிமிலேயே வேலை முடியும் என்றால் நான் அதைத்தான் ஒட்டுவேன்.